எச்சரிக்கை கொடுத்தும் வேலை சரியாகாத ஒப்பந்த ஊழியருக்குப் பணிநீக்கக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் தொழிலாளர் சட்ட வேலைகளும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். முதலாளி, மேனேஜர் என்று யார் வந்தாலும் கடைசியில் இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே பேசப்போவது கடை, மொத்த விற்பனை, அலுவலகம் போன்ற இடங்களில் நேரடி ஒப்பந்தத்தில் இருப்பவர்களைப் பற்றி. சிப்காட் தொழிற்சாலைக்குள் வேலை செய்பவர்களுக்கு நிலையாணைகள் என்று தனி விதிகள் உண்டு, அது வேறு கதை.

எல்லாக் கேள்விக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். காட்பாடி சாலையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடை, அங்கே பில் போடும் ஊழியர் ஒருவர். 2 ஜூன் 2025 முதல் 31 மே 2026 வரை ஒரு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம் 15,600 ரூபாய். குறை என்னவென்றால் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரி தேதியும் பில்லில் தப்புத் தப்பாக விழுகின்றன. குடியாத்தத்துக்கும் ஆற்காட்டுக்கும் போன சரக்கு பில்லோடு ஒத்துப்போகாமல் திரும்பி வருகிறது. இந்தக் கடையும் ஊழியரும் கற்பனை, பிரச்சினை கற்பனை இல்லை.

ஒப்பந்தத்துல "எப்ப வேணா நிறுத்தலாம்"னு எழுதி இருக்கு. அப்புறம் எதுக்கு சார் காரணம் எல்லாம்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினாலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பை அது அழித்துவிடாது. மேனேஜர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

நம் பில்லிங் ஊழியர் டிசம்பர் தொடக்கத்திலேயே ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டார். ஆகவே "எப்போது வேண்டுமானாலும்" என்ற வரியை நம்பிக் கடிதம் எழுதினால் அது நிற்காது. காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைக் காகிதத்தில் காட்டத் தெரிய வேண்டும்.

நாலு முறை வாயால சொல்லிட்டேன், வாட்ஸ்அப்லயும் போட்டேன். அது எச்சரிக்கை ஆகாதா?

வாயால் சொன்னது சொன்னதுதான், ஆனால் பிற்பாடு அதிகாரி முன்னால் "அப்படி யாரும் சொல்லவில்லை" என்று அவர் சொன்னால் உங்களிடம் ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப் அதைவிடப் பரவாயில்லை, துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் "ஒழுங்கா பில் போடுப்பா" என்ற மெசேஜ் எச்சரிக்கை இல்லை, அது அலுப்பு.

எழுத்து எச்சரிக்கை என்றால் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: ஒப்பந்தத்தின் எந்த ஷரத்துப்படி என்ன அளவு எதிர்பார்க்கப்பட்டது, நடந்தது என்ன, சரிசெய்ய எத்தனை நாள், சரியாகாவிட்டால் எந்த ஷரத்துப்படி என்ன நடக்கும். நம் உதாரணத்தில் ஒப்பந்தத்தின் ஷரத்து 4, நூறு பில்லுக்கு ஒன்றுக்கு மேல் தவறு கூடாது என்கிறது. 10 நவம்பர் 2025 தேதியிட்ட முதல் எச்சரிக்கை இப்படிப் போகிறது: "அக்டோபர் மாதம் நீங்கள் போட்ட 640 பில்களில் 31 பில்களில் தவறு உள்ளது. இவற்றில் 18 பேட்ச் நம்பர், 9 எக்ஸ்பயரி தேதி, 4 விலை. பில் எண்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது." அந்த இணைப்புப் பட்டியல்தான் உயிர். பட்டியல் இல்லாத எச்சரிக்கையைப் படிப்பவருக்கு அது முதலாளியின் கோபமாகத்தான் தெரியும்.

எச்சரிக்கையின் கீழே "என் விளக்கம்" என்று நான்கு வரி இடம் விட்டு, அவர் கைப்படவே எழுதச் சொல்லுங்கள். "கம்ப்யூட்டர் பழசு, பேட்ச் தானா மாறிடுது" என்று எழுதுகிறாரா, அதை நீங்கள் சரிபார்த்தே ஆக வேண்டும். சரிபார்த்த தேதியையும் கண்டதையும் அதிலேயே குறித்து வையுங்கள். இதை விட்டுவிட்டால், பதில் கேட்காமலே முடிவெடுத்தார்கள் என்ற பேச்சு வரும்.

எத்தனை எச்சரிக்கை கொடுக்கணும்? மூணு கட்டாயமா?

இத்தனை என்று சட்டம் எண்ணிக்கை வைக்கவில்லை. உங்கள் ஒப்பந்தம் வைத்திருந்தால் அதுதான் உங்களைக் கட்டும். நம் உதாரணத்தில் ஷரத்து 9, "இரண்டு எழுத்து எச்சரிக்கை, ஒவ்வொன்றுக்குப் பின்னும் 30 நாள் அவகாசம்" என்கிறது. நவம்பர் 10இல் முதல் எச்சரிக்கை, டிசம்பர் 10 வரை அவகாசம். அந்தக் காலத்தில் 655 பில்லுக்கு 29 தவறு. டிசம்பர் 15இல் இரண்டாம் எச்சரிக்கை, ஜனவரி 14 வரை அவகாசம். அதற்குள் 610 பில்லுக்கு 26 தவறு.

அவகாசம் முடியுமுன்பே அடுத்த காகிதத்தைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். பத்து நாளில் மூன்று எச்சரிக்கை வந்தால் அது முன்பே முடிவெடுத்துவிட்டு ஓட்டிய நாடகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவகாசத்தின் கடைசி நாள் பொங்கல் விடுமுறையில் மாட்டுகிறதே என்றால், இரண்டாம் எச்சரிக்கையிலேயே இன்னும் நாலு நாள் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு ஒன்றும் குறையாது.

31 தவறு 26 ஆயிடுச்சே, முன்னேற்றம்னு சொல்ல மாட்டாங்களா?

சொல்வார்கள், அதனால்தான் கடிதத்தில் அதை மறைக்கக் கூடாது. மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதுங்கள். ஒப்பந்த அளவுப்படி 610 பில்லுக்கு அதிகபட்சம் 6 தவறு, இருந்தது 26 என்று எழுதினாலே போதும். முன்னேற்றம் இருந்தது, அளவைத் தொடவில்லை என்று நேர்மையாகச் சொல்லும் கடிதத்தைக் குறுக்கு விசாரணையில் அசைப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடுங்கள்: பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பில் போடும் இன்னொருவருக்கும் இதே அளவு தவறு இருந்து, அவருக்கு ஒரு எச்சரிக்கையும் போகாமல் இருந்தால் உங்கள் வழக்கு அங்கேயே விழும். அப்படி இருந்தால் கடிதத்தை நிறுத்தி வையுங்கள்.

விசாரணை வைக்கணுமா? சார்ஜ் மெமோ எல்லாம் கொடுக்கணுமா?

வேலைத் தரம் குறைவு என்ற ஒரே காரணத்துக்கு, ஒரு மாத நோட்டீஸோடு நிறுத்தினால் உள்விசாரணை கட்டாயமில்லை. திருட்டு, ஏமாற்று, அடாவடி என்று நடத்தை சம்பந்தமாகப் பழி சொன்னால் விசாரணை இல்லாமல் முடியாது. பிரிவு 41இன்படி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப முடிவதும் அப்போதுதான், விசாரணையில் பதிவான சான்றுகளோடு ஒழுங்கீனம் நிரூபணமான பிறகுதான்.

இவை இரண்டும் ஒரே கடிதத்தில் கலந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. பில் தவறு பற்றிய கடிதத்தின் நடுவில் "வேண்டுமென்றே நிறுவனத்துக்கு நஷ்டம் உண்டாக்கினீர்கள்", "மேனேஜரிடம் மரியாதைக் குறைவாக நடந்தீர்கள்" என்று இரண்டு வரி நுழைந்துவிடும். அந்த இரண்டு வரியால் முழுக் கடிதமும் தண்டனைக் கடிதமாக மாறிவிடுகிறது, விசாரணை எங்கே என்று கேட்பார்கள். கோபத்தோடு எழுதியதை ஒரு நாள் வைத்திருந்து "வேண்டுமென்றே", "பொறுப்பற்ற", "நேர்மையற்ற" போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றே செய்தார் என்பதுதான் உண்மை என்றால் இந்தப் பாதையே வேண்டாம், சார்ஜ் மெமோவில் இருந்து தொடங்குங்கள்.

கடிதம் எப்படி எழுதறது? ஒரு மாதிரி கொடுங்களேன்.

முழுக் கடிதமாகவே தருகிறேன். எண்களையும் ஷரத்துகளையும் உங்கள் ஒப்பந்தப்படி மாற்றிக்கொள்ளுங்கள். எங்கோ கிடைத்த மாதிரியில் இருந்த ஷரத்து எண்ணை அப்படியே விட்டு அனுப்பியவர்கள் உண்டு. அவர்களுடைய ஒப்பந்தத்தில் அந்த எண் விடுமுறையைப் பற்றியதாக இருந்தது.

> நாள்: 19.01.2026
>
> பெறுநர்: (பெயர், ஒப்பந்தத்தில் உள்ள முகவரி)
>
> பொருள்: 02.06.2025 தேதியிட்ட பணி ஒப்பந்தம், ஷரத்து 12இன்படி முடித்துக்கொள்ளப்படுவது பற்றி
>
> மேற்படி ஒப்பந்தத்தின் ஷரத்து 4இன்படி, நீங்கள் தயாரிக்கும் பில்களில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தவறு இருக்கக் கூடாது. அக்டோபர் 2025இல் 640 பில்களில் 31 தவறுகள் இருந்ததால், ஷரத்து 9இன்படி 10.11.2025 அன்று முதல் எச்சரிக்கை தரப்பட்டது. அதற்கு நீங்கள் எழுதிய விளக்கத்தில் கணினிக் கோளாறு என்று கூறியிருந்தீர்கள். 12.11.2025 அன்று கணினியும் மென்பொருளும் சரிபார்க்கப்பட்டதில் அவ்வாறான கோளாறு காணப்படவில்லை. அந்த விவரம் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.
>
> அவகாசக் காலமான 10.12.2025 வரை 655 பில்களில் 29 தவறுகள் இருந்தன. 15.12.2025 அன்று இரண்டாம் எச்சரிக்கை தரப்பட்டது. அதன் அவகாசமான 14.01.2026 வரை 610 பில்களில் 26 தவறுகள் உள்ளன. சிறிது குறைந்திருந்தாலும் ஷரத்து 4 கூறும் அளவு எட்டப்படவில்லை. பில் பட்டியல்கள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> ஆகவே ஷரத்து 12இன்படி உரிய நோட்டீஸ் தந்து, 20.02.2026 மாலை பணி நேர முடிவில் உங்கள் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படுகிறது. அதுவரை வழக்கமான சம்பளம் உண்டு. உங்களுக்குச் சேர வேண்டிய தொகைகளின் விவரம் தனித்தாளில் உள்ளது. ஷரத்து 14இன்படி உங்கள் வசமுள்ள சாவி, பில் புத்தகங்கள், பாஸ்வேர்டுகளை அன்று ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளவும்.
>
> (ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்)

இதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். 12.11.2025 அன்று உண்மையிலேயே சரிபார்த்தீர்களா, அந்தக் குறிப்பு எங்கே? இல்லை என்றால் அந்த வரியை எழுதாதீர்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்து ஊழியர் தமிழ் மட்டும் படிப்பவர் என்றால், ஷரத்தின் எண்ணைப் போட்டு அதன் பொருளைத் தமிழில் எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தத்துல 30 நாள்னு இருக்கு, நீங்க 20ஆம் தேதி வரைக்கும் ஏன் போட்டீங்க?

ஒப்பந்தம் 30 நாள் என்கிறது, சட்டம் ஒரு மாதம் என்கிறது. ஜனவரிக்கு 31 நாள் என்பதால் இரண்டும் ஒன்றில்லை. எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, மேலே ஒரு நாள் தள்ளிப் போட்டேன். ஒரு நாள் குறைந்ததற்காக முழுக் கடிதமும் கேள்விக்குள்ளாவதை நினைத்தால் இந்த ஒரு நாள் சம்பளம் ஒன்றுமே இல்லை.

நோட்டீஸ் காலம் முழுக்க வேலைக்கு வர வேண்டாம் என்று நினைத்தால் அந்த மாதச் சம்பளத்தைக் கடிதத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். "அடுத்த மாதம் செட்டில்மென்டில் வரும்" என்று எழுதினால் நோட்டீஸ் ஈட்டுத் தொகை கொடுத்ததாக ஆகாது.

ஒரு வருஷம்கூட ஆகல, இழப்பீடு எதுக்கு?

வருடம் முழுசாக ஆக வேண்டும் என்பதில்லை. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு வருடத் தொடர் பணியாக எடுத்துக்கொள்வார்கள், சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களும் அதில் சேரும். 2 ஜூன் முதல் 20 பிப்ரவரி வரை 264 நாள், விடுப்பு அதிகம் எடுக்காதவர் என்றால் 240ஐத் தொட்டிருப்பார். தொட்டவருக்கு ஒரு மாத நோட்டீஸோடு, வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு என்பது 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த விதி. 21 நவம்பர் 2025இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் தொடர்கிறது.

ஒப்பந்த ஷரத்துப்படி முடித்தால் இந்த இழப்பீடு தேவையில்லை என்று வாதிட இடம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். வாதிடலாம், வருடக்கணக்கில். நம் உதாரணத்தில் தொகை எவ்வளவு என்று பாருங்கள்: 15,600ஐத் தாராளமாக 26ஆல் வகுத்தாலும் ஒரு நாளைக்கு 600, பதினைந்து நாளுக்கு 9,000 ரூபாய். கொடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை, அதையும் கடைசி நாளன்றே கொடுங்கள். மிச்சச் சம்பளம், விடுப்புக் கணக்கு எல்லாம் இரண்டு வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். 20 பிப்ரவரி வெள்ளிக்கிழமை, சனி வேலை நாள், ஞாயிறு லீவு, ஆக 23 திங்கள்தான் கெடு.

இவ்வளவு தலைவலி எதுக்கு? ராஜினாமா எழுதி வாங்கிட்டா முடிஞ்சுது இல்ல?

செய்யாதீர்கள். அறைக்குள் உட்கார வைத்து, போனை வாங்கி வைத்து எழுதி வாங்கிய ராஜினாமா மறுநாளே புகாராக வரும். வேலைக்குச் சேரும்போது வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்தைப் பயன்படுத்துவது அதைவிட மோசம், அது மோசடிக் குற்றத்தில் கொண்டுபோய் விடும். அவரே யோசித்து "நானே போயிடறேன்" என்று வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அப்போதும் வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை கொடுத்த பிறகு தீபாவளி இன்கிரிமென்ட் போட்டுட்டோம். பரவாயில்லையா?

எல்லாருக்கும் போட்ட பொது உயர்வு என்றால் சமாளிக்கலாம், அப்படித்தான் போட்டது என்று காட்டும் காகிதம் வேண்டும். இவருக்கு மட்டும் "சிறப்பான பணிக்காக" என்று எழுதிப் போட்டிருந்தால் அதற்கு முந்தைய எச்சரிக்கைகள் செத்துப்போயின. ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததும் அதேதான். பழைய ஒப்பந்தக் காலத்து எச்சரிக்கைகளை வைத்துப் புது ஒப்பந்தத்தை முடிக்கப் பார்க்காதீர்கள், புதிதாக முதல் எச்சரிக்கையிலிருந்து தொடங்குங்கள்.

கடிதத்தை வாங்க மாட்டேன்னு சொல்றாரு.

இரண்டு பேர் முன்னால் கொடுங்கள். வாங்க மறுத்தால் கடிதத்தின் அலுவலகப் பிரதியில் நேரத்தையும் மறுத்த விவரத்தையும் எழுதி அந்த இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கே ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், கவுன்ட்டரில் பதிவோடும் ஒப்புகையோடும் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பியது சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்ற சண்டை வரும்.

அந்தப் பொண்ணு இப்ப பேறுகால லீவுல இருக்கு. கடிதம் அனுப்பலாமா?

கூடாது. பேறுகால விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், அந்தக் காலத்தில் முடிவுக்கு வரும்படி நோட்டீஸ் தருவதும் சட்ட விரோதம். இ.எஸ்.ஐ. நோய்ப்படி வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் அனுப்பாதீர்கள். எச்சரிக்கையின் அவகாசம் இப்படிப்பட்ட விடுப்பில் கரைந்துபோனால் அது அவகாசமே இல்லை, வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

நம்மகிட்ட இருக்கறவரு கான்ட்ராக்டர் அனுப்புன ஆளு. கடிதம் நாம கொடுக்கலாமா?

நீங்கள் கொடுக்கக் கூடாது. அவருடைய முதலாளி கான்ட்ராக்டர். எச்சரிக்கையும் பணிநீக்கமும் உங்கள் லெட்டர்ஹெட்டில் போனால், உண்மையான முதலாளி நீங்கள்தான் என்று சொல்ல நீங்களே சான்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். தவறுகளின் பட்டியலை இணைத்துக் கான்ட்ராக்டருக்கு எழுதுங்கள், ஆளை மாற்றச் சொல்லும் ஷரத்து உங்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். ஊழியருக்கு மேலே சொன்ன முறைப்படி எழுத வேண்டியது கான்ட்ராக்டரின் வேலை.

அண்ணா, கடிதம் வந்தது எனக்குத்தான். இப்ப நான் இன்னா பண்ணணும்?

முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கினால் ஒத்துக்கொண்டதாக ஆகாது, வேண்டுமானால் "ஆட்சேபணையுடன் பெற்றேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்து, கடிதத்தில் சொன்ன ஒவ்வொரு ஷரத்தும் அதில் அப்படியே இருக்கிறதா, எச்சரிக்கைகள் உங்கள் கைக்கு வந்தனவா, அவகாசம் முழுசாகத் தரப்பட்டதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள பில்லில் நீங்கள் போடாதது ஒன்று இருந்தாலும் குறித்து வையுங்கள்.

நீக்கம் நியாயமில்லை என்றால் பிரிவு 41இன் கீழ் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்தான் கெடு. பேச்சுவார்த்தை நடக்கிறது, முதலாளி கூப்பிடுகிறேன் என்றார் என்று காத்திருந்தே பல பேர் அந்த 30 நாளைத் தாண்டிவிடுகிறார்கள். சர்டிபிகேட் ஒரிஜினலை நிறுவனம் வாங்கி வைத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், கணக்குத் தீர்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது ஏறாவிட்டால் பணம் எடுப்பதில் இடறும். கடிதம் தபாலில் வந்திருந்தால் உறையையும் பத்திரமாக வையுங்கள், கைக்கு வந்த தேதியைக் காட்ட அதுதான் இருக்கும்.